ரங்காத்தாள் கட்டிய பச்சைப் பட்டை

கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. திருப்பூரில் ஒரு வார்டு முழுக்க நாங்கள் நடத்திய தெருநாய்த் தடுப்பூசியையும் கருத்தடையையும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு ஆய்வு வரைவு எழுதித் தர வேண்டும். பின்னணி, நோக்கம், செய்முறை, முடிவுகள், குறைபாடுகள் என்று தலைப்புகளையும் அவர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு தலைப்பிலும் ரங்காத்தாள் வந்து நிற்கிறார். அவரை நகர்த்திவிட்டு எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் வரைவை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அவரைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மதுமதி, கால்நடை மருத்துவர். மாநகராட்சிக்காக நாய்க் கருத்தடை மையம் நடத்தும் ஒரு அமைப்பில் வேலை செய்கிறேன். எனக்கு நாய்களைக் கொஞ்சத் தெரியாது. நாய்களுக்காக உருகிப் பேசுபவர்களும் பிடிக்காது, நாய்களைக் கண்டால் கல்லெடுப்பவர்களும் பிடிக்காது. எனக்குப் பிடிக்காத ஒன்று இவை எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, அது ரேபிஸ்.

ரங்காத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கேட்டால், "அதத் தெரிஞ்சு என்னுங்க பண்ணப் போறீங்க?" என்பார். தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வேலம்பாளையம் வந்தவர். கணவர் கந்தவேல் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ரங்காத்தாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, டியூப் லைட்டுக்குக் கீழே தையல் பிசகைத் தேடித் தேடிக் கண் மங்கிய பிறகு வேஸ்ட் குடோனுக்கு மாறினார். கட்டிங் டேபிளில் மிஞ்சும் துண்டுத் துணி அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவது அவர் வேலை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவரிடம் யாராவது பரிதாபமாக ஆரம்பித்தால் நடுவிலேயே வெட்டிவிடுவார்.

அவர் வீதியில் இருந்த நாய்களுக்கெல்லாம் அவர்தான் பெயர் வைத்தார், எல்லாம் பனியன் கம்பெனியில் புழங்கும் சொற்கள். துணி விளிம்பைப் பின்னித் தைக்கும் மிஷின் மாதிரி கால்களைப் பின்னிப் பின்னி நடந்த பெட்டை நாய் ஓவர்லாக். நூல் சுற்றிய உருளை மாதிரி உருண்டையாக இருந்தது பாபின். கேன்சலான ஆர்டர் மாதிரி யாருக்கும் வேண்டாமல் சாக்கில் கட்டி வீசப்பட்டுக் கிடந்து, இவர் எடுத்துச் சோறு வைத்துப் பிழைத்துக்கொண்டது கேன்சல். குடோன் விட்டு வரும்போது கோழிக்கடையில் தலையும் காலும் வாங்கி வந்து அரிசியோடு வேகவைத்துப் போடுவார். வீதியில் பாதிப் பேர் இதற்காக அவரைத் திட்டினார்கள். அவரும் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஆள் இல்லை.

நாங்கள் முதல் தடவை வலையோடு அந்த வீதிக்குப் போனபோது ஒரு நாயும் கண்ணில் படவில்லை. எங்கள் குழுவில் நாய் பிடிப்பவர்களுக்குத் தலைவர் பொங்கியண்ணன். அவர் காதைக் கூர்மையாக்கி, "டாக்டரம்மா, குடோனுக்குள்ள நாயிங்க குலைக்குதுங்க" என்றார். கதவைத் தட்டினோம். ரங்காத்தாள் வெளியே வந்து பூட்டைப் போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றார்.

"எல்லாத்தையும் ஒருக்கா அள்ளிட்டுப் போனீங்க. ஒண்ணுகூடத் திரும்பி வல்லீங்க. மறுக்கா எதுக்கு வந்தீங்க?"

அள்ளிப் போனது நாங்கள் அல்ல. சில வருடங்களுக்கு முன்பு யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் கம்பிச் சுருக்குப் போட்டு அந்தப் பகுதி நாய்களை எல்லாம் ஏற்றிப் போயிருக்கிறார். எங்கே கொண்டுபோய் விட்டார், விட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. நாங்கள் வேறு, எங்கள் முறை வேறு என்று நான் எடுத்துச் சொன்னேன். தடுப்பூசி என்றால் வீதியிலேயே வலையில் பிடித்து, ஊசி போட்டு, அடையாளம் வைத்து, அங்கேயே விட்டுவிடுவோம். கருத்தடை என்றால்தான் மையத்துக்கு ஏற்றிப் போவோம். அறுவை முடிந்து, காதில் ஒரு சின்ன வெட்டு வைத்து, காயம் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவோம். சட்டமும் அதுதான், எங்கள் பிழைப்பும் அதுதான். ரங்காத்தாள் முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார்.

அந்த மழைக்காலத்தில் தடுப்பூசி முகாம் நடந்தது. ஊசி போட்ட நாயின் முதுகில் வழக்கமாக ஒரு வண்ணம் அடிப்போம். மறுநாள் வீதி வீதியாகப் போய் வண்ணம் உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணினால், நூற்றுக்கு எத்தனை நாய்க்கு ஊசி போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். நூற்றுக்கு எழுபதாவது தேற வேண்டும். அதற்குக் கீழே போனால் கிருமி ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவிக்கொண்டே இருக்கும். மேலே போனால் தாவ இடமில்லாமல் அடங்கிவிடும். அந்த வருடம் அடித்த மழையில் வண்ணம் நிற்கவில்லை. ஊரில் இல்லாத பொருளா துணி என்று, குடோனிலிருந்து பச்சை ரிப் துணிப் பட்டை ஒரு மூட்டை வாங்கிக்கொண்டோம். இழுத்தால் நீளும், கழுத்தை இறுக்காது, மழைக்கும் அசையாது. ஊசி போட்டதும் கழுத்தில் ஒரு பச்சைப் பட்டை. எல்லாருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

முகாம் முடிந்த மறுநாள் எண்ணினோம். வார்டு முழுக்க எழுபதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. ரங்காத்தாள் வீதியில் கிட்டத்தட்ட எல்லா நாய்க் கழுத்திலும் பச்சை. கல்லூரிப் பேராசிரியர் சீனிச்சாமிக்குப் போனில் சொன்னேன். மனுஷன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "இதையே கேஸ் ஸ்டடியா போட்ரலாம்மா" என்றார். வரைவு வந்த கதை இதுதான்.

பட்டை விஷயத்தில் எங்களுக்குத் தோன்றாத ஒன்று அந்த வீதிக்குத் தோன்றியிருந்தது. முகாம் முதலில் நடந்த வீதிகளைப் பார்த்து அவர்கள் கண்டுகொண்டது, பச்சை கட்டிய நாயை வண்டி பிடிக்காது. அப்படியானால் நாயைக் காப்பாற்ற ஒரு பட்டை போதும். பட்டைக்கு அந்த ஊரில் பஞ்சமா? ரங்காத்தாளே அந்த நிறத்தைப் பிரித்துக் கட்டிய கைதான். தன் வீதிக்கு முகாம் வருவதற்கு முந்தின நாளே தன் நாய்களுக்கு எல்லாம் கட்டிவிட்டார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார். எங்கள் ஒவ்வொரு குழுவும் இன்னொரு குழு போட்டுவிட்டது என்று நினைத்துக் கடந்துவிட்டது. ஊசி போகவில்லை, பட்டை மட்டும் போயிருந்தது. எங்களிடம் நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டு நின்ற வீதி அது.

இனி நடந்ததை நான் நேரில் பார்த்த இடத்தில் பார்த்தபடியும், பார்க்காத இடத்தில் ரங்காத்தாளும் பொங்கியண்ணனும் சொன்னபடியும் எழுதுகிறேன்.

அந்த வீதி முனையில் கிட்டுசாமியின் பனியன் கம்பெனி இருக்கிறது. வீதியில் உள்ள லைன் வீடுகளும் அவருடையவை. ரங்காத்தாள் குடியிருப்பதும் அதில் ஒன்றில்தான். வீதிக்கு ஒரு சங்கம் உண்டு, அதற்கும் அவரே தலைவர். அவர் கம்பெனியில் டெய்லராக இருந்தவன் துலால், ஒடிசாவிலிருந்து வந்தவன், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தான். ஒருநாள் காலையில் ஷிஃப்டுக்கு நடந்துபோனவனின் கெண்டைக்காலைக் கேன்சல் கடித்துவிட்டது. குரைக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. நேராக வந்து கடித்துவிட்டு, அதே வேகத்தில் போய் ஒரு மரக்கட்டையையும் கடித்ததாம். ஹாஸ்டலில் சமைப்பவர் காயத்தில் மஞ்சளை அப்பித் துணி சுற்றிவிட்டார். ஆஸ்பத்திரி என்று யாரோ சொல்ல, இன்னொருவர் மறுத்திருக்கிறார்: பச்சை கட்டின நாய், ஊசி போட்ட நாய், எதற்கு ஒரு நாள் சம்பளத்தை விடுவது? துலாலும் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டான். அன்று ஷிப்மென்ட் போக வேண்டிய நாள்.

எவ்வளவு நல்ல நாய் கடித்தாலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் முறை. அது வேறு விஷயம். எங்கள் பட்டை அன்று ஒரு மனிதனைச் சாவை நோக்கி நிம்மதியாக அனுப்பிக்கொண்டிருந்தது. ரேபிஸ் தலைக்கு ஏறி நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது. அதற்கு முன்னால் மட்டுமே செய்ய முடியும்.

டீக்கடையில் ரங்காத்தாள் காதில் இந்தப் பேச்சு விழுந்தது. கேன்சல் இரண்டு நாளாகச் சோற்றைத் தொடவில்லை, குரல் ஒரு மாதிரி கரகரத்துப் போயிருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தக் கழுத்தில் பட்டை எப்படி வந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும். சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பட்டையெல்லாம் பொய் என்று ஆனால் வீதியில் ஒரு நாயை விட்டுவைக்க மாட்டார்கள். எந்த நாய்களுக்காகப் பொய் கட்டினாரோ அந்த நாய்கள் போய்விடும். டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கம்பெனிக்கு நடந்தார்.

வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியதில் கிட்டுசாமியே வெளியே வந்துவிட்டார்.

"ஏனுங்க ரங்காத்தா, காலைல என்ன கூப்பாடு?"

"துலாலை வெளிய அனுப்புங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும்."

"பச்சை கட்டுன நாய்தானுங்களே? உங்க டாக்டரம்மா ஊசி போட்டு உட்டதுதான?"

"அது ஊசி போட்ட நாய் இல்லீங்க."

"அப்பறம் அந்தப் பட்டை?"

"நாந்தான் கட்டுனேன்."

கிட்டுசாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வந்த கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. கொங்கு நாட்டில் எவ்வளவு கோபம் வந்தாலும் பேச்சில் 'ங்க' மட்டும் ஓடிப்போகாது. "என்ற ஊட்லயே குடியிருந்துட்டு என்ற ஆளுக்கே கொள்ளி வெச்சுப்போட்டீங்களா? இன்னிக்கே ஊட்டைக் காலி பண்ணுங்க!"

"காலி பண்றதை அப்பறம் பேசிக்கலாங்க. இப்ப அவனை அனுப்பலீன்னா இந்தக் கேட்டுல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுவேன், கிட்டுசாமி கம்பெனில நாய் கடிச்சவனை மிஷின்ல உக்கார வெச்சிருக்காங்கன்னு. உங்ககிட்டச் சரக்கு வாங்கற பையருங்க காதுக்கும் போகட்டும்."

துலால் வெளியே வந்தான். ரங்காத்தாள் அவனைக் கம்பெனி வாசல் குழாயடியில் உட்கார வைத்து, மஞ்சளைக் கரைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவினார். முகாமில் நான் மைக்கில் கத்திக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். ஊசி மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கியவர், அந்தப் பேச்சை எப்படியோ காதில் வாங்கியிருக்கிறார். பிறகு ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றியே போடும் மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். காயத்துக்குள் ஊசி இறங்கியபோது துலால் ஒடியாவில் யாரையோ கூப்பிட்டு அழுதானாம். ரங்காத்தாளும் அந்த வரிசையிலேயே நின்றார். துணி பிரித்துப் பிரித்துப் புண்ணாகிக் கிடந்த விரல்களைக் கேன்சல் தினமும் நக்கும். அவருக்கும் ஊசி போட வேண்டியிருந்தது.

கேன்சலைப் பொங்கியண்ணன் ஒரு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் வலை போட்டுப் பிடித்தார். எங்கள் ஆட்கள் எல்லாரும் முன்னெச்சரிக்கை ஊசி போட்டவர்கள். மையத்தில் தனிக் கூண்டில் வைத்தோம். தாடை தொங்கி, எச்சில் வடிய, மூன்றாம் நாள் செத்தது. மூளை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ரேபிஸ்தான் என்று வந்தது.

அதற்கு முன்பே ரங்காத்தாள் மையத்துக்கு வந்து என் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யார் யாருக்குப் பட்டை கொடுத்தார், எந்த வீதி வரைக்கும் போனது, எல்லாம். நான் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் தலை குனியவில்லை.

"தப்புத்தானுங்க. உங்களையும் வலையும் கையுமாத்தான் பாத்தேன். வலையைப் பாத்தா எனக்குப் பழைய வண்டிதானுங்க தெரியும். அதை நீங்களும் ரோசனை பண்ணியிருக்கோணும்."

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாகாளியம்மன் கோயில் முன்னால் வீதிச் சங்கம் கூடியது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கிட்டுசாமி எழுந்து, இரண்டு லாரி ஏற்பாடாகிவிட்டது என்றார். எல்லா நாயையும் ஏற்றி ஊத்துக்குளிக்கு அந்தப் பக்கம் எங்காவது விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. கைதட்டல் பலமாக இருந்தது. பட்டை வாங்கிக் கட்டியவர்களில் பாதிப் பேரும் கைதட்டினார்கள்.

நான் மைக்கை வாங்கினேன். "நாயை ஏத்திப் போயிடலாம். கோழிக்கடைக் கழிவை ஏத்திப் போவீங்களா? ஹாஸ்டல் சோத்தை? தின்ன இருக்கிற இடம் காலியாக் கிடந்தா அடுத்த வீதி நாய் வரும். அது எங்க இருந்துச்சு, எதைக் கடிச்சுச்சு, ஒண்ணும் தெரியாது. ஊசி போட்ட நாய் ஒண்ணு இங்க நிக்குதுன்னா, ஊசி போடாத நாய் ஒண்ணு உள்ள வர முடியாதுன்னு அர்த்தம். கருத்தடையும் அதுக்குத்தான். வருஷம் ரெண்டு தடவை குட்டி போட்டா, நாம போட்ட ஊசிக் கணக்கு குட்டியிலயே கரைஞ்சு போயிடும். ஊத்துக்குளிக்காரங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க?"

"பேச்சு நல்லாத்தான் இருக்குதுங்க டாக்டரம்மா. செத்தா யாரு பொறுப்பு?" என்றார் கிட்டுசாமி.

அப்போதுதான் ரங்காத்தாள் எழுந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து நேராக நடுவில் வந்து நின்றார். அழுதிருந்தார், குரலில் அது இல்லை.

"பட்டை கட்டுனது நானுங்க. வாங்கிக் கட்டுனதுல இங்க உக்காந்திருக்கற பல பேரு இருக்கறீங்க, பேரைச் சொல்லோணும்னாலும் சொல்றேன். அன்னிக்கு அள்ளிட்டுப் போனாங்க, அடுத்த ஆறு மாசத்துல புது நாயா வந்து கடிச்சுத் தொலைச்சது யாருக்கும் நெனப்பில்லீங்களா? லாரி வரட்டும். ஒரு நாயைத் தொடோணும்னா மொதல்ல என்னையத் தூக்கி ஏத்துங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குந்தான் சொல்றேன். ஒளிக்கறதெல்லாம் முடிஞ்சுது. ஒவ்வொண்ணையும் நானே கையில புடிச்சுத் தாரேன். ஊசியும் போடுங்க, ஆப்பரேசனும் பண்ணுங்க. எங்க எடுத்தீங்களோ அங்கயே கொண்டாந்து உடோணும். இல்லீன்னா உங்க மையத்து வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்."

"ஊட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்குதுல்ல?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"பண்றேனுங்க. வீதியக் காலி பண்ணச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லீங்க."

லாரி வரவில்லை. பயந்துதான் வரவில்லை. சட்டத்துக்குப் பயமா ரங்காத்தாளுக்குப் பயமா என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

அடுத்த வாரம் நாங்கள் வார்டு முழுவதையும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை பட்டை கிடையாது. தலையில் ஆட்டுக்கு வைக்கும் மெழுகு வண்ணம், அதோடு ஒவ்வொரு நாய்க்கும் போட்டோ. சாயப்பட்டறை ஊரில் வண்ணத்தையும் நம்ப முடியாது என்பதால்தான் போட்டோ. கருத்தடை செய்ததற்குக் காது வெட்டு, அதை யாராலும் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. ரங்காத்தாள் குடோனுக்கு லீவு போட்டுவிட்டு முன்னால் நடந்தார். பொங்கியண்ணன் வலையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு பின்னால் போனார், பல இடங்களில் அதை விரிக்கவே இல்லை. ரங்காத்தாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மடியில் சாய்த்துக்கொள்வார். நான் ஊசியைப் போட்டுவிடுவேன். பட்டை கட்டிய வீட்டுக் கதவுகளைத் தட்டி அவரே கேட்டார். "எனக்குப் பொய் சொல்லாதீங்க, அதுல நான் உங்களுக்கெல்லாம் வாத்தியாரு" என்று அவர் சொன்னதும் கதவுகள் திறந்தன.

பாபினின் மூக்கருகே ஆறிக்கொண்டிருந்த ஒரு கடிக்காயம் இருந்தது. கேன்சல் கடித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசி போடாமல் இருந்த நாய், அந்த நாட்களில் வந்த காயம், அதைத் திரும்ப வீதியில் விட முடியாது, தனிக் கூண்டுக்குத்தான் போக வேண்டும் என்றேன். பட்டை கட்டாமல் எங்களிடம் விட்டிருந்தால் அதற்கு அன்றே ஊசி போயிருக்கும். இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏற்றினார். வீதி முனை வரை வண்டியோடு நடந்து வந்தார். பாபின் கூண்டிலேயே நோய் கண்டு செத்தது, திரும்பி வரவில்லை. அவர் அதன் பெயரைப் பிறகு என்னிடம் எடுக்கவே இல்லை.

இதற்கு நடுவில்தான் பேராசிரியர் சீனிச்சாமி போன் செய்தார். விஷயம் அவர் வரைக்கும் போயிருந்தது.

"அந்த வீதிய மட்டும் வரைவிலிருந்து எடுத்துடும்மா. மத்த வீதிங்களை வச்சு எழுதிக்கலாம். டேட்டா கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போகல சார். முதல்ல நாம எண்ணினதுதான் கெட்டது. இப்ப எண்ணினது உண்மை."

"அப்போ அந்த அம்மாவைக் குறைபாடுகள்ல ஒரு வரியா போட்டுடு. 'சமூக ஒத்துழைப்பின்மை'ன்னு."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ஒத்துழைக்காதது நாம சார். வலையைக் கண்டா பயந்து ஓடுற வீதிக்கு வலையோட போனோம். நாயை எங்க கொண்டுபோனாங்கன்னு அவங்க கேட்ட கேள்விக்கு ஊர்ல யாரும் பதில் சொல்லல. அவங்களை நான் செய்முறையில போடப் போறேன். வேண்டாம்னா வரைவை வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க." அனுப்பி வை, பார்க்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். இதுவரை மறுப்பு வரவில்லை.

அறுவை முடிந்து காயம் ஆறிய நாய்களை ஏற்றிக்கொண்டு ஒருநாள் காலையில் வேலம்பாளையம் போனோம். வீதி முனையில் கிட்டுசாமி பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு, சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரோடு நின்றிருந்தார். வண்டி நின்றது. ரங்காத்தாள் எங்கிருந்தோ வந்து வண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் நின்றுகொண்டார். கையில் ஒரு பை. அவர் அன்றுதான் வீடு மாறிக்கொண்டிருந்தார், இரண்டு வீதி தள்ளி.

"இங்க எறக்க உடமாட்டோமுங்க" என்றார் கிட்டுசாமி.

"இங்க எடுத்தது, இங்கதான் எறங்கும்" என்றார் ரங்காத்தாள். "நான் ஊடு மாறிப்போட்டேன். நாயி மாறாதுங்க."

நான் சட்ட விதியை எடுத்துச் சொன்னேன். கிட்டுசாமி கேட்கிற நிலையில் இல்லை. கம்பெனி வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். ஷிஃப்டுக்கு வந்த ஆட்கள், பாதிக்கு மேல் துலாலைப் போல வடக்கிலிருந்து வந்தவர்கள், அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடிபட்டவன் நிக்கறான் பாருங்க. அவனையே கேளுங்க. நாயி வேணுமா வேண்டாமான்னு அவன் சொல்லட்டும். டேய் துலால், இங்க வா!"

துலால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கடைசி ஊசி இன்னும் பாக்கி இருந்தது. கெண்டைக்காலில் தழும்பு சிவந்திருந்தது. அவன் பயப்படுகிறான் என்று பார்த்ததுமே தெரிந்தது. கூண்டுக்குள்ளிருந்து ஓவர்லாக் முகத்தைக் கம்பியில் வைத்து அவனைப் பார்த்தது. ரங்காத்தாள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பான், அவன் காலைக் கழுவிய கை அது. அதனால்தான் சொல்லாமல் நின்றார் என்று நினைக்கிறேன்.

துலால் முதலாளியைப் பார்த்தான். பிறகு தன் தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான்.

"சார். எனக்கும் ஊசி போட்டாச்சு. அதுக்கும் ஊசி போட்டாச்சு. நான் ஒடிசா போகணும்னா, அதுவும் போகட்டும். நான் இங்க இருந்தா, அதுவும் இங்க இருக்கட்டும்."

வாசலில் நின்ற ஆட்களில் யாரோ சிரித்தார்கள். கிட்டுசாமி அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அன்றும் ஷிப்மென்ட் இருந்தது, மிஷின்களில் உட்கார வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

துலால் வண்டியின் பின்னால் போய், கூண்டுக் கொக்கியை எடுத்துவிட்டான். ஓவர்லாக் குதித்து இறங்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, பைக்கைச் சுற்றி நடந்து வீதிக்குள் போனது.